ரப்ரி: ஏடு படியாததிலிருந்து மணல் தட்டுவது வரை, என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது

திரட்டிப்பாலும் பால்கோவாவும் கிண்டிப் பழகிய கை ரப்ரியில் தடுமாறும். அவற்றுக்குக் கரண்டி நிற்கவே கூடாது. ரப்ரிக்குக் கரண்டி பெரும்பாலான நேரம் சும்மா இருக்க வேண்டும். பால் சுண்டுவது இதில் பாதி வேலைதான். மேலே படியும் ஏட்டை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஒதுக்கிச் சேர்த்து, கடைசியில் அதே சுண்டிய பாலில் இதழிதழாகப் போடுவது மீதிப் பாதி. வாராணசி, மதுரா பக்கத்து மிட்டாய்க் கடைகளில் அந்த இதழ்களை லச்சா என்பார்கள். லச்சா இல்லையென்றால் அது நம் ஊர் பாசுந்திக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். பாசுந்தி நல்ல பண்டம்தான், ஆனால் கேட்டது அதில்லையே.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே முரண்பாட்டிலிருந்து வருகின்றன. ஏடு படிய மேல்பரப்பு அசையாமல் இருக்க வேண்டும். அடிப்பிடிக்காமல் இருக்க அடிப்பகுதி அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கடாயில் நடத்த ஒரு வழிதான் உண்டு: ஏட்டை ஒதுக்கிய மறுகணமே அடியைச் சுரண்டிவிடுவது. அப்போது மேலே கெடுவதற்கு ஏடு எதுவும் இல்லை. சுரண்டி முடித்ததும் கரண்டியை எடுத்துவிட்டு, அடுத்த ஏடு படியும்வரை தொடாமல் விடுவது. ஒதுக்கு, சுரண்டு, விடு. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

அளவும் பாத்திரமும்

கணக்குக்கு 2 லிட்டர் பாலை எடுத்துக்கொள்வோம். எருமைப்பால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. இல்லாவிட்டால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் க்ரீம் பாக்கெட் பால். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலிலும் ஏடு படியும், ஆனால் மெல்லியதாக, காகிதம்போல் வரும். வாயில் வெண்ணெய்த்தன்மை இருக்காது. சர்க்கரை 100 கிராம். ஏலக்காய் நாலைந்து, குங்குமப்பூ விருப்பம்போல்.

பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும். வாய் குறைந்தது 30 செ.மீ., ஊற்றிய பாலின் ஆழம் 5 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. கனமான அடி அவசியம். கடைகளில் பெரிய இரும்புக் கடாயில் செய்கிறார்கள். வீட்டில் கனமான அலுமினியக் கடாயோ, மூன்றடுக்கு அடியுள்ள ஸ்டீல் கடாயோ போதும். கிண்ட, தட்டையான முனையுள்ள மரத்துடுப்பு வேண்டும். குழிக்கரண்டி அடியைத் தொடும் இடம் ஒரு புள்ளிதான். தட்டை முனை ஒரு பட்டையாகவே சுரண்டும்.

பாலை நடுத்தீயில் ஒரு கொதி வரவிட்டு, பிறகு தீயைக் குறைத்தால், இந்த அளவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குக் குறைவாக முடிந்துவிட்டால் எங்கோ கொதிக்கவிட்டிருக்கிறீர்கள் என்று பொருள், ஏடும் குறைவாகவே சேர்ந்திருக்கும்.

ஏடே படியவில்லை

அரைமணி ஆகியும் ஓரத்தில் ஒட்ட எதுவும் இல்லையென்றால் முதலில் பாலின் மேல்பரப்பைக் குனிந்து பாருங்கள். குமிழ்கள் பரப்பெங்கும் உடைந்துகொண்டிருந்தால் தீ அதிகம். ஏடு என்பது மேல்பரப்பில் நீர் ஆவியாகிப் போக, அங்கே தங்கும் பாலின் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து, நடுவில் கொழுப்பைப் பிடித்துக்கொண்டு உண்டாகும் படலம். உருவாகும்போதே குமிழ் கிழித்துக்கொண்டிருந்தால் பிணைய நேரம் கிடைக்காது.

சரியான சூட்டில் பால் கொதிக்காது, ஆனால் உயிரோடு இருக்கும். நடுவிலோ தீ படும் பக்கத்திலோ எப்போதாவது ஒரு குமிழ் எழுந்து உடையும், மற்ற இடமெல்லாம் மெல்ல நடுங்கும். தெர்மாமீட்டர் இருந்தால் 85 முதல் 92 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் மேல்பரப்பில் லேசாக ஊதிப் பாருங்கள். ஊதும் இடத்தில் மெல்லிய சுருக்கம் விழுந்து, ஊதுவதை நிறுத்தியதும் மெல்ல விரிந்தால் படலம் தொடங்கிவிட்டது. தண்ணீரில் ஊதினாற்போல் அலை மட்டும் ஓடினால் இன்னும் இல்லை.

குமிழே இல்லை, நடுக்கமும் இல்லை, ஆனால் ஏடும் வரவில்லை என்றால் அது எதிர்ப்பக்கத்துக் குறை. பால் 70 டிகிரிக்கும் கீழே தூங்குகிறது. ஆவியாவது மிகக் குறைவு. தீயைச் சற்றுக் கூட்டி, முதல் குமிழ் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

சூடு சரியாக இருந்தும் ஏடு வரவில்லையென்றால் பாத்திரத்தைப் பாருங்கள். குறுகிய, ஆழமான பாத்திரத்தில் நீராவி மேலேயே தேங்கி நிற்கும். மேல்பரப்பு காயாது, காயாவிட்டால் ஏடு படியாது. வடக்கே கடைக்காரர்கள் ஒரு கையில் விசிறி வைத்துக்கொண்டு பாலின்மேல் விசிறுவது இதற்காகத்தான். காற்று ஆவியை விரட்டுகிறது, மேல்தோலைக் கொஞ்சம் குளிரவைக்கிறது, ஏடு சீக்கிரம் இறுகுகிறது. வீட்டில் பனையோலை விசிறியே போதும். மேசை விசிறியை வைத்தால் காற்று பாலின்மேல் படவேண்டும், அடுப்பின்மேல் படக்கூடாது. சுடர் ஆடினால் சூடு ஒருபக்கமாகப் போய், அந்தப் பக்கம் அடிப்பிடிக்கும். மூடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அரைமூடி போட்டாலும் ஏடு கிடைக்காது.

இன்னொரு காரணம் கரண்டி. நிமிடத்துக்கு ஒருமுறை கிண்டுகிறவர்களுக்கு ஏடு எப்போதும் கிடைக்காது. கிண்டலை நிறுத்திவிட்டு நான்கு நிமிடம் தொடாமல் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஏடு வருகிறது, ஆனால் இழுத்தால் கிழிந்து பாலிலேயே கரைகிறது

இரண்டில் ஒன்று: சீக்கிரம் எடுக்கிறீர்கள், அல்லது எடுக்கும் விதம் தவறு.

ஒரு ஏடு கையாளும் அளவுக்கு இறுக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். பால் தண்ணீராக இருக்கும் முதல் அரைமணியில் ஐந்துக்குப் பக்கமாகவும், சுண்டிய பிறகு மூன்றுக்குப் பக்கமாகவும் இருக்கும். எடுக்கத் தயாரா என்று துடுப்பின் முனையால் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். படலம் முழுதாக ஒரு துணிபோல் நகர்ந்து, சுருங்கினால் எடுக்கலாம். முனை குத்திக்கொண்டு உள்ளே போய், சுற்றிலும் எதுவும் நகராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம்.

எடுக்கும்போது துடுப்பைச் செங்குத்தாக நிறுத்தி வழிக்காதீர்கள், அது வெட்டும். கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தள்ளுங்கள். ஏடு மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து ஓரத்துக்கு வரும். அப்படியே கடாயின் சுவரில், பால்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, துடுப்பின் தட்டைப் பக்கத்தால் ஓர் அழுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பால்மட்டத்துக்கு ஒட்டினாற்போல் விட்டால் அடுத்தமுறை அடியைச் சுரண்டும் அலையில் நனைந்து வழுக்கி உள்ளே போய்விடும். ஒன்றிரண்டு விழுந்தால் கவலை வேண்டாம், அதை மீண்டும் துரத்திப் பிடிக்க முயன்றால் துருவலாகிவிடும். விட்டுவிடுங்கள், பாலுக்குத் திண்மை கொடுக்கும்.

எல்லா ஏடும் ஒரேமாதிரி இருக்காது. முதலில் வருபவை மென்மையாக, வெண்ணெய்ப்பசையோடு இருக்கும், கொழுப்பு மேலே மிதந்து வருவதால். நேரம் ஆக ஆக ஏடு கெட்டியாக, நீண்டு இழுபடும். பாக்கெட்டில் ‘ஹோமோஜினைஸ்டு’ என்று போட்டிருந்தால் கொழுப்பைப் பொடித்துப் பாலுக்குள் பரப்பியிருக்கிறார்கள், அது மேலே மிதந்து வராது. அந்தப் பாலில் ஏடு படியும், ஆனால் முதல் ஏடுகளின் கொழுகொழுப்பை எதிர்பார்க்காதீர்கள். அதே 6 சதவீதம் ஹோமோஜினைஸ் செய்யாமல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஓரத்தில் ஒட்டிய ஏடு காய்ந்து பழுப்பாகிறது

லேசான இளமஞ்சள் நிறம் வந்தால் அது குறையே இல்லை, நல்ல வாசனை. ஓரம் சிவந்து, ஓலைபோல் சுருண்டு, தொட்டால் நொறுங்கினால்தான் கோளாறு. காரணம் சுடர். கடாயின் அடியைத் தாண்டிச் சுடர் சுவரில் ஏறுகிறது. சிறிய பர்னருக்கு மாற்றுங்கள், அல்லது சுடர் அடியின் நடுப்பகுதிக்குள் அடங்கும் அளவுக்குக் குறையுங்கள். கடாயின் சுவர் அடியைவிடச் சூடு குறைவாக இருந்தால்தான் அங்கே ஏட்டைச் சேமித்துவைக்க முடியும்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதென்றால் ஒரு கரண்டி சூடான பாலை எடுத்து அதன்மேல் வழியவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. உலர்ந்த ஏடு நனைந்து இளகும். கறுத்துப்போன ஓரங்களை மட்டும் முனையால் பெயர்த்து வெளியே எறிந்துவிடுங்கள். கஞ்சத்தனம் பார்த்து அதையும் உள்ளே சுரண்டிப் போட்டால் கரும்புள்ளியும் கசப்பும் கடாய் முழுக்கப் பரவும்.

அடிப்பிடித்துவிட்டது

இது நடக்கும் நேரம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பால் பாதிக்கும் கீழே சுண்டியபிறகு. ஆரம்பத்தில் தண்ணீர்ப்பால் தானே சுழன்றுகொண்டிருக்கும். அடியில் சூடாகிறது, மேலே எழுகிறது, குளிர்ந்தது கீழே வருகிறது. சுண்டியபின் பால் கெட்டிப்பட்டு அந்தச் சுழற்சி தளர்கிறது. அடியில் இருப்பது அடியிலேயே இருந்து, புரதமும் பால்சர்க்கரையும் சேர்ந்து ஒட்டுகிறது. ஆகவே தொடக்கத்தில் போட்ட தீயிலேயே கடைசிவரை வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கதி. பாதி சுண்டியதும் தீயை ஒரு படி குறைத்துவிடுங்கள். அடுப்பின் மிகச்சிறிய சுடரும் அதிகமாக இருந்தால் கடாய்க்கடியில் ஒரு பழைய தோசைக்கல்லை வையுங்கள்.

சுரண்டலும் கவனமாக இருக்க வேண்டும். ஏட்டை ஒதுக்கிய கையோடு, துடுப்பின் தட்டை முனையை அடியில் பதித்து, நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு என்று அடி முழுவதும் ஒருமுறை வழித்து வாருங்கள். பதினைந்து விநாடி வேலை. வட்டமாகச் சுழற்றினால் எப்போதும் ஒரே பாதையில்தான் துடுப்பு போகும், நடுப்பகுதி தொடப்படாமலே நிற்கும். அங்கேதான் முதலில் பிடிக்கும்.

முதல் எச்சரிக்கை மூக்குக்கு வராது, கைக்கு வரும். வழவழவென்று ஓடிய துடுப்பு ஓரிடத்தில் சற்று இழுக்கும், சொரசொரக்கும். அந்த நிலையில் தீயை அணைத்து, அந்த இடத்தை விட்டுவிட்டுப் பாலை வேறு கடாய்க்கு மாற்றினால் ருசி கெடாது. அந்த இடத்தைச் சுரண்டக்கூடாது, சுரண்டினால் பழுப்புத் துகள் பால் முழுக்கக் கலக்கும். பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றுங்கள், அடியில் இரண்டு கரண்டி மிஞ்சினாலும் அதை விட்டுவிடுங்கள்.

தீய்ந்த வாசனை பாலிலேயே ஏறிவிட்டால்? ஒரு ஸ்பூன் எடுத்து ஆறவைத்து ருசி பாருங்கள். சூட்டில் ஏமாந்துபோகலாம், ஆறினால் தெரிந்துவிடும். கசந்தால் அந்தப் பாலை ஏலக்காயும் குங்குமப்பூவும் காப்பாற்றாது. ஆனால் சுவரில் சேர்த்த ஏடு பெரும்பாலும் தப்பியிருக்கும், அது பாலுக்கு மேலே இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு லிட்டர் பாலைச் சுண்டவைத்து அதில் போடலாம்.

எவ்வளவு சுண்டியது என்றே பிடிபடவில்லை

கண்ணளவு இதில் நன்றாகவே ஏமாற்றும். பாத்திரத்தின் அடி உருண்டையாக இருப்பதே காரணம். உருண்டை அடியுள்ள கடாயில் பாலின் உயரம் பாதியாகக் குறைந்தால் பால் பாதியாகவில்லை, ஏறக்குறைய கால்பங்குக்கு வந்துவிட்டது. இது தெரியாமல் ‘இன்னும் பாதிதானே ஆகியிருக்கிறது’ என்று தொடர்கிறவர்கள் கோவாவில் போய் முடிகிறார்கள். தட்டை அடியுள்ள, நேர்ச்சுவர் பாத்திரத்தில் மட்டுமே கரண்டிக்காம்பில் கோடு போட்டுப் பார்ப்பது சரிவரும்.

எடை போடுவதே நிச்சயமான வழி. சுவரில் ஒட்டியிருக்கும் ஏடும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பது இதில் கூடுதல் வசதி. ஒரு கணக்கைப் பார்ப்போம். வெறும் கடாயும் துடுப்பும் சேர்ந்து 1,600 கிராம். 2 லிட்டர் பால் ஏறக்குறைய 2,060 கிராம். தொடக்கத்தில் மொத்தம் 3,660. வீட்டு ரப்ரிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 680 கிராம் மிஞ்சினால் போதும், தராசு 2,280 காட்ட வேண்டும். கடையில் தின்பதுபோல் அடர்த்தியாக வேண்டுமானால் கால்பங்கு, அதாவது 515 கிராம், தராசில் 2,115.

80 நிமிடம் கழித்துத் தராசு 2,600 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,060 கிராம் நீர் போயிருக்கிறது, நிமிடத்துக்கு 13 கிராம்போல். இன்னும் 320 கிராம் போக வேண்டும். அதே வேகத்தில் 25 நிமிடம், தீயைக் குறைத்துவிட்டதால் இன்னும் பத்து நிமிடம் கூடலாம். பால் இன்னும் தண்ணியாகத் தெரிகிறதே என்று தீயைக் கூட்டத் தோன்றும் நேரம் இது. கூட்டவேண்டாம். சூட்டில் பால் எப்போதும் இளகித்தான் தெரியும். தராசில் வைக்கும்போது முதலில் ஒரு மரப்பலகையை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள், சூடான கடாய் தராசின் கண்ணாடியைப் பிளந்துவிடக்கூடாது.

தராசு இல்லாதவர்களுக்கு: ஒரு ஸ்டீல் தட்டை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, அதில் ஒரு ஸ்பூன் பாலை ஊற்றி ஒரு நிமிடம் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். கோடாக ஓடினால் இன்னும் வேண்டும். மெல்ல நகர்ந்து, விரலால் வகிர்ந்த தடம் இரண்டு விநாடி நின்று மூடினால் சர்க்கரை போடும் நேரம்.

சர்க்கரை போட்டதும் நீர்த்துவிட்டது

பயப்பட எதுவும் இல்லை. சர்க்கரை கரையும்போது அதுவும் திரவமாகிறது, 100 கிராம் சர்க்கரை 60 மில்லி போல இடம் பிடிக்கும். இதுவரை கெட்டியாக இருந்த பால் சட்டென்று இளகும். அதே தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த நேரத்தில் மட்டும் அடியை அடிக்கடி சுரண்ட வேண்டும், ஏடு சேர்க்கும் வேலை முடிந்துவிட்டது.

இதைத் தவிர்க்கலாம் என்று சர்க்கரையை ஆரம்பத்திலேயே போடுகிறவர்கள் உண்டு. அது இதைவிடப் பெரிய வம்பு. இனிப்புப் பால் ஒன்றரை மணி நேரம் சூட்டில் இருந்தால் அடியில் சீக்கிரம் ஒட்டும், நிறமும் மங்கலாகும். ஏட்டில் சர்க்கரை ஏறிவிடுவதால் அது பசைபோல் இருக்கும், நெகிழ்ந்து இதழாகப் பிரியாது.

லச்சா எல்லாம் துருவலாகிவிட்டது

இத்தனை நேரம் பொறுமையாகச் சேர்த்ததைக் கடைசி இரண்டு நிமிடத்தில் கெடுக்கும் இடம் இது. சர்க்கரை கரைந்து பால் மறுபடி கெட்டியானதும் தீயை அணைத்துவிடுங்கள். சுவரில் ஒட்டிய ஏட்டின்மேல் ஒரு கரண்டி பாலை வழியவிட்டு, கடாயைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சூடாக இருக்கும்போது ஏடு சுவரோடு ஒட்டியிருக்கும். கொஞ்சம் ஆறினால் மேலே வழியவிட்ட பாலின் ஈரத்தில் தானாகவே பிடி தளரும். பிறகு துடுப்பைச் சுவரோடு படுக்கவைத்து மேலிருந்து கீழாகத் தள்ளினால் பட்டையாகக் கழன்று பாலுக்குள் விழும். பெரிய பட்டைகளைக் கரண்டியின் ஓரத்தால் இரண்டு மூன்றாக வெட்டுங்கள், ஒரு ஸ்பூனில் அடங்கும் அகலம் போதும்.

அதன்பிறகு கிண்டக்கூடாது. அடியிலிருந்து ஒருமுறை மேலே புரட்டிவிட்டால் போதும், இரண்டாம் முறை தேவையில்லை. ஏலக்காய்ப்பொடியையும் ஊறவைத்த குங்குமப்பூவையும் ஏட்டைத் தள்ளுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், அவற்றைக் கலக்குவதற்காக மறுபடி கரண்டி போட வேண்டியிருக்காது. மாம்பழமோ சீதாப்பழமோ சேர்ப்பதாக இருந்தால் ரப்ரி முழுக்க ஆறிக் குளிர்ந்தபிறகு. சூட்டில் சேர்த்தால் பழத்தின் புளிப்பு பாலைத் திரித்துவிடும்.

மேலே எண்ணெய் மினுங்குகிறது

ஓரங்களில் நெய்த்துளி பிரிந்து மினுங்கினால், சுண்டவேண்டியதற்கு மேல் சுண்டியிருக்கிறது, அல்லது கடைசிக் கட்டத்தில் தீ அதிகம். அடுப்பை அணைத்துவிட்டு, கால் டம்ளர் சூடான காய்ச்சிய பாலை ஊற்றி, அடியிலிருந்து மெல்லப் புரட்டுங்கள். கொழுப்பு பெரும்பாலும் திரும்பக் கலந்துவிடும். ஏட்டை இன்னும் உள்ளே தள்ளாத நேரமாக இருந்தால் நல்லது. எருமைப்பாலில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கத்தான் செய்யும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாக்கில் நரநரக்கிறது

இதற்குக் காரணம் இரண்டு. எது என்று கண்டுபிடிக்காமல் சரிசெய்ய முடியாது.

அடுப்பிலேயே, சுண்டும்போதே பால் துகள்துகளாகி, துகள்களுக்கு நடுவே பச்சைநிறம் தட்டிய நீர் தெரிந்தால் பால் திரிந்திருக்கிறது. துகள் மென்மையாக, பனீர்போல் இருக்கும். பழைய பால், வெளியே நெடுநேரம் கிடந்த பால், சரியாகக் கழுவாத பாத்திரம், இவற்றில் ஏதோ ஒன்று. முதல் கொதியில் பிழைத்த பாலும் சுண்டச் சுண்டப் புளிப்பு அடர்ந்து பிறகு திரியக்கூடும். இதற்கு மருந்து இல்லை, சர்க்கரை போட்டுக் கிண்டி கலாகந்த் மாதிரி ஒன்றாக முடித்துக்கொள்ளலாம்.

அடுப்பில் நன்றாக இருந்து, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் இருந்தபிறகு பல்லிடுக்கில் மணலாகத் தட்டினால் அது பால்சர்க்கரை. பாலில் இயல்பாக ஏறக்குறைய 5 சதவீதம் இருக்கும் லாக்டோஸ், மற்ற சர்க்கரையைப் போலத் தண்ணீரில் தாராளமாகக் கரையாது. 2 லிட்டரில் சுமார் 100 கிராம் இருக்கிறது. நீர் முக்கால்வாசி போனபின் அந்த 100 கிராமுக்கு மிஞ்சிய நீர் போதாது. சூட்டில் கரைந்தே இருக்கும், குளிர்ந்தபின் மெல்ல மெல்லப் படிகமாகிப் பெரிதாகும். அதனால்தான் கால்பங்குக்குச் சுண்டிய ரப்ரி மூன்றில் ஒரு பங்கைவிடச் சீக்கிரம் மணலாகிறது. தனியாகக் கிண்ணத்தில் எடுத்து, 100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி சூடான பால் விட்டு, மிகச்சிறிய தீயில் சூடாக்கினால் மணல் கரையும். லச்சாவின் உருவம் கொஞ்சம் தளரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு முறை குளிரவிட்டால் மறுபடி வரும், ஆகவே சூடாகவோ அறைவெப்பத்திலோ அன்றைக்கே காலிசெய்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் பால்கோவா மாதிரி இருக்கிறது

கொழுப்பு குளிரில் உறைவதால் கெட்டியாகும் அளவு எப்போதுமே கண்ணுக்கு அதிகமாகத்தான் தெரியும். பரிமாறும் முன் கால்மணி வெளியே வைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போதும் கரண்டி நிமிர்ந்து நின்றால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான காய்ச்சிய பாலை ஓரமாக ஊற்றி ஒருமுறை புரட்டுங்கள். தண்ணீர் வேண்டாம், தனியாகத் தெரியும். ஜிலேபியின்மேல் ஊற்றுவதாக இருந்தால் இன்னும் சற்று இளக்கமாக வைத்துக்கொள்ளலாம், மால்புவாவின்மேல் ஊற்ற இந்தக் கெட்டியே சரி. ரப்ரி முழுக்க ஆறியபிறகே மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் சேரும் நீர் சொட்டி மேல் லச்சா சதசதவென்று ஆகிவிடும், புளிப்பும் சீக்கிரம் ஏறும். மூன்றாம் நாளைக்கு வைத்திருக்க வேண்டாம்.